கூகுள் ஷீட் பட்டியலை மை மேப்ஸில் ஏத்தினா "கோயில்" மூணு தடவை வருது, ஐகான் பாதிக்குத்தான் மாறுது

தண்டையார்பேட்டை தீபன் (சனி, இரவு 9.40)

வணக்கம் மக்களே. நாங்க நாலு பசங்க சேர்ந்து வடசென்னைக்கு ஒரு வரைபடம் போட்டுட்டு இருக்கோம். கேரம் கிளப், குத்துச்சண்டை, கால்பந்து, அத்தோ கடை, கோயில், தர்கா, தேவாலயம், நூலகம், பழைய கட்டடம்னு ஒன்பது வகை, மொத்தம் 187 இடம். ஆளுக்கொரு ஏரியா பிரிச்சுக்கிட்டு அவங்கவங்க தட்டினதை ஒரே கூகுள் ஷீட்டில் ஒட்டினோம். ராயபுரம் பக்கம் எடுத்த நண்பன் மட்டும் பழைய வேர்டு ஃபைல்ல இருந்து எடுத்து ஒட்டினான்.

மை மேப்ஸ்ல புது வரைபடம் திறந்து `Import` குடுத்தேன். இடத்தைக் காட்டுற பத்தி எதுன்னு கேட்டுச்சு, முகவரியைக் காட்டினேன். தலைப்புக்குப் பெயர் பத்தி. எல்லாம் ஏறிடுச்சு. அப்புறம் `Uniform style`ஐத் தட்டி, "வகை" பத்தியைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பது வகை வரணும்ல? பன்னிரண்டு வருது! கோயில் (20), கோயில் (9), கோயில் (1). அத்தோ கடையும் ரெண்டு: 11, 6. ஒண்ணுக்கு ஐகான் மாத்தினா இன்னொண்ணு நீலப் பொட்டாவே நிக்குது. எழுத்துப் பிழை இருக்கான்னு பத்து தடவை பார்த்துட்டேன், அச்சு அசல் ஒண்ணாத்தான் இருக்கு.

இன்னொண்ணு. ராயபுரத்துல 23 இடம் எழுதியிருக்கோம். வரைபடத்துல ஒரே ஒரு பொட்டுதான் தெரியுது.

மின்ட் மாமா

தம்பி, ஒரே அடுக்குல எல்லாத்தையும் கொட்டினா இப்படித்தான் குழம்பும். வகைக்கு ஒரு ஷீட் பிரி. கோயிலுக்கு ஒண்ணு, தர்காவுக்கு ஒண்ணு. `Add layer` குடுத்து ஒவ்வொண்ணையும் தனியா ஏத்து. அப்புறம் அந்த அடுக்குக்கு ஒரே ஐகான், அவ்வளவுதான். பார்க்கிறவன் வேண்டாத அடுக்கை டிக் எடுத்து மறைச்சுக்கலாம். நான் தங்கசாலை பக்கத்துப் பழைய தொழிற்சாலை, கிடங்கு எல்லாம் அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன். ஒரு தொந்தரவும் கிடையாது.

பார்சல் பாஸ்கர்

அண்ணே எனக்கும் இதே பிரச்சனை. நான் பார்சல் விநியோகம் பண்றேன். 2,600 முகவரி இருந்துச்சு, ஏத்தினா பாதியைக் காணோம். திருவொற்றியூர்ல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் போற லைன் வேற. ஐகான் எல்லாம் எனக்கு வேணாம், எந்த வீடு முதல்ல, எந்த வீடு அடுத்துன்னு வரிசை போட்டுக் குடுக்குமா இது?

கொருக்குப்பேட்டை கோமதி

பாஸ்கர், உங்களுது வேற விஷயம். ஒரு தடவை ஏத்துற பட்டியல்ல 2,000 வரிதான் எடுத்துக்கும். அதனால உங்க பட்டியலை ரெண்டா வெட்டி ரெண்டு அடுக்குல ஏத்துங்க. ஆனா 2,600 வீட்டை எந்த வரிசையில சுத்தினா தூரம் குறையும்னு மை மேப்ஸ் கணக்குப் போட்டுத் தராது. அதுக்குத் தனி செயலி பார்க்கணும்.

தீபன், உங்க கேள்விக்கு வரேன். நீங்களே ஒரு நல்ல தடயம் குடுத்திருக்கீங்க. ஒன்பது வகையில ரெட்டையானது எது எதுன்னு பாருங்க. கோயில், அத்தோ கடை. தர்கா ஒண்ணுதான், நூலகம் ஒண்ணுதான், தேவாலயம் ஒண்ணுதான். ரெண்டுலயும் பொதுவா என்ன இருக்கு? ஓகாரம். "கோ", "தோ".

தமிழ்ல கோ-ன்னு எழுத கணினிக்கு ரெண்டு வழி இருக்கு. க எழுத்துக்குப் பின்னால ோ-ங்கிற ஒரே குறி போடலாம். இல்லேன்னா முன்னால வர்ற ே-யும் பின்னால வர்ற ா-வும் தனித்தனியா ரெண்டு குறியா போடலாம். திரையில ரெண்டும் ஒரே மாதிரி விழும். நம்ம கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உள்ள கணக்குல அது வேற சொல், இது வேற சொல். மை மேப்ஸ் எழுத்தை எழுத்தாத்தான் ஒப்பிடுது, அதனால தனி வகையா வெச்சிடுச்சு. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல தட்டினதை யூனிகோடுக்கு மாத்தும்போது, சில மாற்றிகள் இப்படி ரெண்டு குறியாவே விட்டுடும். உங்க நண்பரோட பழைய வேர்டு ஃபைல்தான் காரணம்னு என் சந்தேகம்.

சோதிக்க ஒரு வழி. வகை பத்தி C-ல இருக்குன்னா, பக்கத்துல ஒரு காலிப் பத்தியில இதைப் போட்டு கீழே வரைக்கும் இழுங்க:

```
=LEN(C2)
```

கோயில்-க்கு 6 வரணும். 7 வந்தா அது பிரிஞ்ச எழுத்து. அத்தோ கடை நடுவுல இருக்கிற இடைவெளியோட 9 வரணும். 10 வந்தா அதே கதைதான்.

தண்டையார்பேட்டை தீபன்

அக்கா!! 10 கோயில்ல 7 வருது. ஒண்ணைத் தவிர எல்லாமே ராயபுரத்தான் ஒட்டினதுதான். அத்தோ கடையில ஆறு பேர் 10. சத்தியமா கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. மூணு நாளா தலையைப் பிச்சுக்கிட்டேன்.

மாமா சொன்னபடி அடுக்கு பிரிச்சிருந்தா இது தெரியாமலே போயிருக்கும் இல்ல?

மின்ட் மாமா

அதான் சொன்னேன், தொந்தரவே இல்லைன்னு :)

கொருக்குப்பேட்டை கோமதி

மாமா சொல்றதுல பாதி சரி. அடுக்கை மறைக்கிற வசதி உண்மைதான், அது வகைப்படி ஐகான் போட்ட ஒரே அடுக்குல கிடையாது. ஒரே அடுக்குல எல்லா வகையும் இருந்தா, பார்க்கிறவர் "கோயிலை மட்டும் காட்டு"ன்னு கேட்க முடியாது. ஆனா ஒரு வரைபடத்துக்குப் பத்து அடுக்குதான். தீபனுக்கு இப்போ ஒன்பது வகை. நாளைக்கு மெட்ரோ நிலையமும் பேருந்து நிலையமும் சேர்க்கணும்னு நினைச்சா பதினொண்ணு, இடம் இல்லை. தவிர, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்பது ஷீட்டைத் தேடி ஓடணும். ஒரு பட்டியல், ஒரு அடுக்கு, வகைப்படி ஐகான். நான் இதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பிரிஞ்ச எழுத்தை ஒட்ட, புதுசா ஒரு பத்தி ஆரம்பிச்சு இதை இடுங்க. ஓகாரம், ஒகரம் ரெண்டையும் ஒட்டும், ஓரத்துல இருக்கிற தேவையில்லாத இடைவெளியையும் நறுக்கிடும்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(C2,
UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019)),
UNICHAR(3014)&UNICHAR(3006),UNICHAR(3018)))
```

அப்புறம் அந்தப் பத்தியை நகலெடுத்து, பழைய வகை பத்தி மேல மதிப்பை மட்டும் ஒட்டிடுங்க. சூத்திரம் இருந்த பத்தியை அழிச்சிடுங்க. ஐகான் பக்கம் இப்போ கையே வைக்காதீங்க. முதல்ல தரவு சுத்தமாகட்டும்.

ராயபுரத்துப் பொட்டு விஷயம்: முகவரி பத்தியில என்ன எழுதியிருக்கீங்க, ரெண்டு வரி காட்டுங்க.

தண்டையார்பேட்டை தீபன்

"ராயபுரம், சென்னை"ன்னு போட்டிருக்கோம் அக்கா. தெருப் பெயர் சிலதுக்குத்தான் தெரியும்.

கொருக்குப்பேட்டை கோமதி

அப்போ 23 பொட்டும் அங்கேதான் இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. ராயபுரம்னு மட்டும் குடுத்தா கூகுள் அந்தப் பகுதிக்குன்னு ஒரு புள்ளி வெச்சிருக்கு, எல்லாரையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்திடும். பிழைச் செய்தியும் வராது. முகவரி கண்டுபிடிச்சாச்சுன்னு அது நினைச்சுக்கும். முகவரியே புரியலைன்னாதான் இத்தனை வரியைக் காட்ட முடியலைன்னு சொல்லி `Open data table`னு காட்டும். அதனால இது பிழையை விட மோசம்.

இந்த மாதிரி இடங்களுக்கு முகவரியை நம்பாதீங்க. அகலாங்கு, நெட்டாங்கு ரெண்டு பத்தி போடுங்க. கணினியில கூகுள் மேப்ஸைத் திறந்து, இடத்தின் மேல வலது சொடுக்கு. மெனுவோட முதல் வரியிலேயே ரெண்டு எண் இருக்கும். அதைத் தட்டினா நகலாகிடும். ஷீட்ல ஒட்டினா ஒரே கட்டத்துல காற்புள்ளியோட விழும். F-ல விழுந்தா பக்கத்துல:

```
=SPLIT(F2,",")
```

நாலு பேரும் ஆளுக்கு ஒரு மாலை உட்கார்ந்தா முடிஞ்சிடும். கேரம் கிளப் எல்லாம் கூகுள்ல பெயரே இருக்காது, வாசல்ல நின்னு போன்ல விரலை அழுத்திப் பிடிச்சாத்தான் பொட்டு விழும். அதோட எண்ணை எடுங்க.

எண்ணூர் எழிலன்

அகலாங்கு நெட்டாங்கு மாறிடாம பார்த்துக்கோங்க. நம்ம ஊருக்கு 13-ல ஆரம்பிக்கிறது அகலாங்கு, 80-ல ஆரம்பிக்கிறது நெட்டாங்கு. ஏத்தும்போது ரெண்டு பத்தியையும் தேர்ந்தெடுத்த பிறகு, எது எதுன்னு அது கேட்கும். நான் ஒரு தடவை அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் நார்வேக்கு மேல, ஸ்வால்பார்டு தீவுக்கும் வடக்கே கடல்ல போய் உட்கார்ந்துச்சு. கடல்லதான் இருந்துச்சு, அந்த வகையில சரி.

எனக்கு ஒரு சந்தேகம். ஏன் மை மேப்ஸ்? uMap பக்கம் போகலாமே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல ஓடுது, பட்டியல்ல `lat`, `lon`னு தலைப்பு வெச்சா அதுவே எடுத்துக்கும். பத்து அடுக்குங்கிற தொல்லையும் இல்லை. மாமாவுக்கும் பிடிக்கும்.

கொருக்குப்பேட்டை கோமதி

எனக்கும் uMap பிடிக்கும் எழிலன். ஆனா தீபனோட வாசகர்கள் போன்ல கூகுள் மேப்ஸ் திறந்து பார்க்கிறவங்க. மை மேப்ஸ் இணைப்பைத் தட்டினா அந்த ஆப்லயே திறக்கும், அங்கிருந்தே வழி கேட்டுக்கலாம். திருத்துறது மட்டும் போன் ஆப்ல நடக்காது, அதுக்குக் கணினிதான் வசதி. எது சரின்னு சொல்ல மாட்டேன்.

கல்மண்டபம் ஹசீனா

தீபன் தம்பி, நேத்து நீங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்ட சோதனை இணைப்பைத் திறந்தேன். ஒரு குத்துச்சண்டைக் கூடத்தைத் தட்டினா பயிற்சியாளரோட போன் நம்பர் வருது. அதுக்குக் கீழே "குறிப்பு: ஓனர் கோபக்காரர், 6 மணிக்கு மேல போ"ன்னு இருக்கு. இதெல்லாம் ஊர் பார்க்கணுமா?

தண்டையார்பேட்டை தீபன்

ஐயோ! அது எங்களுக்குள்ள எழுதின குறிப்பு அக்கா. வரைபடத்துல காட்டச் சொல்லவே இல்லையே நான்.

கொருக்குப்பேட்டை கோமதி

நீங்க சொல்ல வேண்டியதில்லை. ஷீட்ல எத்தனை பத்தி இருக்கோ அத்தனையும் உள்ள வந்துடும், பொட்டைத் தட்டினா அட்டையில வரிசையா காட்டும். இணைப்பு வெச்சிருக்கிறவங்க எல்லாரும் பார்க்கலாம். இப்போ இருக்கிற வரைபடத்தோட பகிர்வை உடனே நிறுத்துங்க. ஏத்துறதுக்குன்னு தனியா ஒரு தாள் வெச்சுக்கோங்க: பெயர், வகை, அகலாங்கு, நெட்டாங்கு, ஊர் பார்க்கலாம்னு நீங்க நினைக்கிற ஒரு வரி விளக்கம். நம்பரும் குறிப்பும் இன்னொரு தாள்ல இருக்கட்டும். ஹசீனா கவனிச்சது நல்லதாப் போச்சு.

தண்டையார்பேட்டை தீபன் (புதன், இரவு 11.05)

மன்னிக்கணும், பகிர்வை அன்னைக்கே நிறுத்திட்டேன். அந்த ஓனர்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லிட்டேன். கோபப்படல, டீ வாங்கிக் குடுத்தார். குறிப்பு தப்பு போல.

இப்போ நிலவரம். எண்ணு எடுத்து முடிச்சாச்சு. ராயபுரம் 23-ம் தனித்தனியா விழுந்துடுச்சு. ரயில் நிலையம், புனித பேதுரு தேவாலயம், ராபின்சன் பூங்கா, பார்சி அக்னி ஆலயம் எல்லாம் அதது இடத்துல. அக்னி ஆலயத்தை எந்த வகையில போடுறதுன்னு சண்டை போட்டு, கடைசியில பழைய கட்டடத்துல வெச்சோம். அது இன்னும் நடக்கிற வழிபாட்டு இடம்ங்கிறதால எனக்கு அது பிடிக்கல.

அக்கா குடுத்த சூத்திரம் போட்டு மறுபடி ஏத்தினேன். அத்தோ கடை ஒண்ணாயிடுச்சு, 17. கோயில் 29. ஆனா பக்கத்துல கோயில் (1) இன்னும் நிக்குது! அதுல LEN 7-தான் வருது. சூத்திரம் அதைத் தொடவே இல்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் அது.

கொருக்குப்பேட்டை கோமதி

அந்தக் கட்டத்துல எழுத்தளவை 72 ஆக்கிப் பாருங்க. "கே"க்கு அப்புறம் வர்றது காலா, ரகரமா?

தண்டையார்பேட்டை தீபன்

ர!! கீழே ஒரு சின்ன வால் இருக்கு. "கேரயில்"னு தட்டியிருக்கு. 187 வரில இது ஒண்ணு.

கொருக்குப்பேட்டை கோமதி

கால் குறிக்குப் பதிலா ரகரம் போடுறது தமிழ்ல ரொம்பப் பழைய வியாதி. படத்துல இருந்து எழுத்தைப் பிரிச்சு எடுக்கிற மென்பொருளும் இதைச் செய்யும். இதைச் சூத்திரத்தால பிடிக்க முடியாது, ஏன்னா ரகரமும் நியாயமான எழுத்துதான். "கேரம்"ல நிஜமாவே ரகரம் இருக்கே! அதையும் சேர்த்து மாத்திட்டா உங்க கிளப் எல்லாம் "கோம்" ஆயிடும். கையால மாத்துங்க. வரைபடத்துக்குள்ள `Open data table` திறந்தும் மாத்தலாம், ஆனா மாத்தாதீங்க. ஷீட்டுக்கும் வரைபடத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஏத்தின நேரத்துல எடுத்த நகல்தான் அது. அங்கே திருத்தினா, அடுத்த தடவை ஷீட்டை ஏத்தும்போது பழைய பிழை திரும்ப வந்துடும். ஷீட்ல திருத்திட்டு, அடுக்கோட மூணு புள்ளி மெனுவுல `Reimport and merge`.

திரும்ப யாரும் தட்டாம இருக்க, வகை பத்திக்கு கீழிறங்கும் பட்டியல் வெச்சிடுங்க. `Data` மெனுவுல `Data validation`. ஒன்பது வகையை ஒரு தடவை சரியா எழுதி வெச்சா, மத்தவங்க தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

எண்ணூர் எழிலன்

எக்செல்ல வேலை பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. சாதா CSV-யா சேமிச்சா தமிழ் எல்லாம் கேள்விக்குறியாயிடும். எந்த வகை எதுன்னே தெரியாம எல்லாம் வெறும் "?????"னு வந்து நிக்கும். `CSV UTF-8`னு தேர்ந்தெடுங்க, இல்லேன்னா XLSX ஃபைலையே நேரா ஏத்துங்க.

தண்டையார்பேட்டை தீபன்

ஒன்பது! ஒன்பதே ஒன்பது வகை. இப்போ ஒவ்வொண்ணு மேலயும் சுட்டியை வெச்சு, அந்தப் பெயிண்ட் வாளியைத் தட்டி, `More icons` போய் மாத்திட்டேன். அத்தோவுக்குக் கிண்ணம். கேரமுக்கு எதுவும் இல்லை. நானே ஒரு படம் வரைஞ்சு `Custom icon`ல ஏத்தினேன். பெருசா பார்க்கும்போது அழகா இருந்துச்சு, வரைபடத்துல ஏதோ பழுப்பு அழுக்கு மாதிரி தெரியுது.

கல்மண்டபம் ஹசீனா

போர்டுல இருக்கிற கோடு, வட்டம் எல்லாத்தையும் வரைஞ்சிருப்பீங்க. அந்த அளவுல எதுவும் தெரியாது. கட்டியா ஒரு சதுரச் சட்டம், நாலு மூலையில நாலு கறுப்புப் பொட்டு, நடுவுல ஒரு சிவப்புக் காய். வெளிப்புறம் வெறுமையா விட்டு PNG-யா சேமிங்க. வெள்ளைப் பின்னணி இருந்தா தெருக்கோட்டு மேல சீட்டு ஒட்டின மாதிரி இருக்கும்.

பார்சல் பாஸ்கர்

என் பட்டியலை ரெண்டா வெட்டி ஏத்திட்டேன் கோமதி மேடம், இப்போ எல்லாம் வருது. ஆனா "டோல்கேட்"னு எழுதின 40 வீடும் ஒரே இடத்துல. இப்போதான் புரியுது. 40 பேர் வாசல்ல நின்னு பொட்டு வெக்கணுமா நான்?

மின்ட் மாமா

வெக்கணும் தம்பி. பார்சல் குடுக்கப் போறப்ப வெச்சிடு.

சும்மா இருக்காம என் தொழிற்சாலைப் பட்டியல்ல LEN போட்டுப் பார்த்தேன். "தொழிற்சாலை"க்கு முக்கால்வாசி 10 வருது, நாலு வரியில 11. அந்த நாலும் என் வரைபடத்துல இல்லவே இல்லை. வகை பார்த்து வடிகட்டித்தான் தனி ஷீட்டா பிரிச்சேன். கோமதி, வடிகட்டும்போதே நழுவிடுச்சா? இல்லை நான்தான் ஏத்த மறந்துட்டேனா?

கொருக்குப்பேட்டை கோமதி

அந்த வடிகட்டின ஷீட் இன்னும் இருக்கா மாமா? இருந்தா அதுல எத்தனை வரின்னு எண்ணிச் சொல்லுங்க.